நாலாம் நம்பர் பஸ்ஸின் லேட்டு

ஏழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஆறாம் தேதியே சம்பளம் ஏறிவிட்டது. மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்தில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு ஆளாளுக்குச் செல்போனைப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருத்தியாகச் சாப்பிடுவதை நிறுத்தினார்கள்.

பெரம்பலூருக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தச் செருப்புக் கம்பெனியில் சுந்தராம்பாள் பதினோரு வருஷமாகத் தையல் லைனில் வேலை பார்க்கிறாள். ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிற மிஷின் அவளுடையது. எவ்வளவு வரும் என்பது அவளுக்கு மனப்பாடம். வந்திருந்ததோ அதைவிடக் கிட்டத்தட்ட ஆயிரம் ரூபாய் குறைவு. சம்பளச் சீட்டை வாங்கிப் பார்த்தபோது, அரை நாள் சம்பளம் பிடித்தம் என்று ஒரு வரி இருந்தது. அரை நாள் பிடித்ததால் முழு மாசம் வந்ததற்குக் கொடுக்கிற அட்டெண்டன்ஸ் போனஸும் போயிருந்தது. அரை நாள் கூலியைவிட அந்த போனஸ்தான் பெரிய தொகை.

அவளுக்கு மட்டும் என்றால் ஒன்றும் இல்லை. அரியலூர்ப் பக்கத்திலிருந்து கம்பெனி விடுகிற நாலாம் நம்பர் பஸ்ஸில் வருகிற அத்தனை பேருக்கும் அரை நாள் போயிருந்தது. இன்னும் லீவு பாக்கி வைத்திருந்தவர்களுக்கு லீவில் அரை நாள் கழிந்திருந்தது. லீவு தீர்ந்தவர்களுக்குச் சம்பளத்தில் போயிருந்தது. வருஷக் கடைசி. லீவு பாக்கி வைத்திருக்கிறவர்கள் எத்தனை பேர் இருக்கப்போகிறார்கள்?

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். காலை எட்டு மணிக்கு ஷிப்ட். எட்டுப் பத்து வரைக்கும் விடுவார்கள். அதைத் தாண்டி வாசல் மிஷினில் முகத்தைக் காட்டினால் ஒரு லேட். ஒரு மாசத்தில் மூன்று லேட் சேர்ந்தால் அரை நாள் லீவு. இது வேலைக்குச் சேரும்போது கையெழுத்துப் போட்டு வாங்குகிற தாளிலேயே இருக்கிறது. ஆனால் நவம்பரில் மூன்று நாள் நாலாம் நம்பர் பஸ்தான் தாமதமாக வந்தது. பன்னிரண்டாம் தேதி சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி ஒன்று ரோட்டின் குறுக்கே அச்சு முறிந்து நின்றது. பத்தொன்பதாம் தேதி பஸ்ஸே பஞ்சர். இருபத்தைந்தாம் தேதி விடியற்காலையிலிருந்து கொட்டிய மழையில் டிரைவர் ஊர்ந்துதான் வந்தார். கம்பெனி பஸ் லேட் என்றால் ஆளுக்கு லேட் கிடையாது என்பதுதான் இத்தனை வருஷமும் இருந்த வழக்கம்.

“அக்கா, ஒம் பொண்ணுதானே டைம் ஆபீஸுல ஒக்காந்திருக்கு” என்றாள் பாக்யலட்சுமி. பக்கத்து மிஷின்காரி, சுந்தராம்பாளைவிடப் பத்து வயது இளையவள், மனசில் பட்டதைத் தொண்டையில் நிறுத்தத் தெரியாதவள். “பெத்த தாய்க்கே வெட்டிப்புட்டாளே. எங்களுக்கு என்ன செய்யப் போவுது.”

சுற்றி இருந்த நாலைந்து பேர் தட்டைப் பார்த்துக்கொண்டார்கள். சுந்தராம்பாள் டிபன் பாக்ஸை மூடினாள். பாக்யலட்சுமி சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை, அதனால்தான் வலித்தது.

ஹேமலதா அவளுடைய ஒரே மகள். பெரம்பலூரில் எம்.பி.ஏ. முடித்து, பரீட்சை எழுதி, இன்டர்வியூவில் தேறி, ஏப்ரலில்தான் டைம் ஆபீஸில் சேர்ந்தாள். அம்மா அதே கம்பெனியில் இருப்பதை விண்ணப்பத்தில் எங்கும் அவள் எழுதவில்லை. எழுதாமலே கிடைத்தது என்பதில் சுந்தராம்பாளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். லைனில் எல்லோருக்கும் அது தெரியும். ராணிப்பேட்டையிலிருந்து ஆகஸ்டில் மாற்றலாகி வந்த ஹெச்.ஆர். மேனேஜர் முத்தமிழ்செல்வனுக்கு மட்டும் தெரியாது.

தாயும் மகளும் கல்லங்குறிச்சியில் ஒரே வீட்டிலிருந்துதான் கிளம்புகிறார்கள். ஆனால் அம்மா ஏழு மணிக்கு முன்பே கம்பெனி பஸ் ஏறிவிடுவாள். மகள் எட்டு மணிக்கு வருகிற ஆபீஸ் வேனில் போவாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் ஹேமலதா முகம் கழுவிவிட்டு வந்ததும் சுந்தராம்பாள் விஷயத்தைச் சொன்னாள். லைனில் பேசியதையும் மறைக்காமல் சொன்னாள். நீ பார்த்து ஏதாவது செய்யக்கூடாதா என்றும் கேட்டாள்.

பஸ் எந்தெந்த நாள் லேட் ஆனது, எத்தனை மணிக்கு வந்தது, யார் குறித்து வைத்தார்கள் என்று ஹேமலதா கேள்வி மேல் கேள்வி கேட்டாள். வாசலில் செக்யூரிட்டி அமாவாசை ஒரு நோட்டுப் போட்டு பஸ் வருகிற நேரத்தை எழுதுவார் என்று சுந்தராம்பாள் சொன்னாள். முன்பெல்லாம் டைம் ஆபீஸில் இருந்த பெரியவர் அந்த நோட்டைத் தினமும் வாங்கிப் பார்த்து லேட்டை அடித்துவிடுவார். அவர் ரிட்டையர் ஆகிப் போனார். அக்டோபரில் முகம் பார்க்கிற மிஷின் வந்தது. மிஷினுக்கு அமாவாசையின் நோட்டைப் பற்றி யார் சொல்வார்கள்?

“அந்த மாதிரி ஒரு நோட்டு இருக்கறதே எனக்குத் தெரியாதும்மா” என்றாள் ஹேமலதா. அவள் முகம் சுருங்கியது. “கம்ப்யூட்டர் கொடுத்த லிஸ்ட்டுல நான்தான் கையெழுத்துப் போட்டேன்.”

“சரி, இப்பத் தெரிஞ்சுபோச்சுல்ல. திங்கக்கிழமை போய் சத்தமில்லாம மாத்திப்புடு.”

“சத்தமில்லாம மாத்தறதுன்னா என்னம்மா. சம்பளம் போட்டு லாக் பண்ணியாச்சு. நானா உள்ள போயி ஒரு நம்பரத் தொட்டா அது திருட்டு. அதுவும் நீ இருக்கற பஸ்ஸு.” பிறகு, “எல்லாரும் எழுதிக் கொடுங்க. பேரு, டோக்கன் நம்பர், எந்தெந்தத் தேதியில பஸ்ஸுல வந்தீங்கங்கறது. ஆபீஸுல கொண்டாந்து கொடுங்க. மத்தத நான் பாக்கறேன்” என்றாள்.

சுந்தராம்பாளுக்கு முதலில் சுருக்கென்றது. சொந்த மகளிடம் மனு கொடுப்பதா? புருஷன் வைரக்கண்ணு வயலிலிருந்து வந்து, தாயும் மகளும் ஏன் ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். இரண்டு பேருமே ஒன்றுமில்லை என்றார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கும்போது, மகள் சொன்னதைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தாள். தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்வதற்காக அவள் சொல்லவில்லை, செய்வது யார் கேள்வி கேட்டாலும் நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் சொல்கிறாள் என்று தோன்றியது.

திங்கட்கிழமை காலை பஸ்ஸிலேயே மனு எழுதினார்கள். பாக்யலட்சுமியின் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் அவள்தான் எழுதினாள். மேலே விஷயம், கீழே கோடு போட்டு நாற்பத்தைந்து பேர். ஒவ்வொருத்திக்கும் நேராகப் பன்னிரண்டு, பத்தொன்பது, இருபத்தைந்து என்று மூன்று தேதிகளையும் அவளே போட்டுக்கொண்டு வந்தாள். ஆட்டத்தில் எழுத்து கோணிப்போகாமல் இருக்க, பள்ளம் வரும்போதெல்லாம் பேனாவைத் தூக்கிக்கொண்டாள். கையெழுத்து வாங்க சுந்தராம்பாளிடம் தாளை நீட்டினாள்.

சுந்தராம்பாள் பேனாவை வாங்கினாள். தன் பெயருக்கு நேராக இருந்த பன்னிரண்டை ஒரு கோடு போட்டு அடித்தாள். அப்புறம் கையெழுத்துப் போட்டாள்.

“என்னக்கா பண்றே?”

“பன்னெண்டாந் தேதி நான் இந்த பஸ்ஸுல வரலடி.”

வரவில்லைதான். தா.பழூரில் இருக்கிற தங்கை ஆண்டாயி அந்த வாரம் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்திருந்தாள். ஒத்தாசைக்கு வேறு ஆள் இல்லை. சுந்தராம்பாளுக்கோ லீவு ஒன்றுகூட மிச்சமில்லை, ஆகஸ்டில் டெங்குக் காய்ச்சலில் படுத்ததில் எல்லாம் தீர்ந்துபோயிருந்தது. அதனால் பத்து, பதினொன்று, பன்னிரண்டு மூன்று நாளும் ராத்திரி தங்கையோடு தங்கி, விடியுமுன் அவளுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு, முதல் பஸ்ஸைப் பிடித்து அரியலூர் வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் மாறி வேலைக்கு வந்தாள். மூன்று நாளும் எட்டுப் பத்தைத் தாண்டிவிட்டது. மூன்றும் அவளுடைய சொந்த லேட். பன்னிரண்டாம் தேதி அவள் வந்த ரூட் பஸ்ஸும் அந்த லாரிக்குப் பின்னால்தான் நின்றது. கம்பெனி பஸ் எட்டு இருபதுக்கு வந்தது, இவள் எட்டு இருபத்தைந்துக்கு நடந்து வந்தாள்.

பாக்யலட்சுமி விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். சுந்தராம்பாளுக்கு மொத்தம் ஐந்து லேட். பஸ் லேட் மூன்றும் கழிந்தால் மிச்சம் இரண்டு, ஒரு பிடித்தமும் இருக்காது. பன்னிரண்டை விட்டுவிட்டால் இரண்டுதான் கழியும், மிச்சம் மூன்று நிற்கும். அரை நாளும் போகும், போனஸும் போகும்.

“அதே லாரிதானேக்கா. அதே ரோடு. இதுல யாரு வந்து பிரிச்சுப் பாக்கப் போறா?”

“மனுவுல நாலாம் நம்பர் பஸ்ஸுன்னுதானே எழுதியிருக்கு. நான் அதுல இல்ல” என்றாள் சுந்தராம்பாள். “நாளைக்கு ஒருத்தன் கேமராவப் பாத்தான்னு வையி. ஒரு ஆளு பொய்யின்னா நாப்பத்தஞ்சு பேரும் பொய்யின்னு ஆயிடும். அந்த லிஸ்ட்டுல கையெழுத்துப் போடப்போறது என் புள்ள.”

பாக்யலட்சுமி தாளை மடக்காமல் வாங்கிக்கொண்டாள்.

டீ நேரத்தில் இருவரும் டைம் ஆபீஸுக்குப் போனார்கள். சுந்தராம்பாள் அதுவரை அந்தக் கண்ணாடிக் கதவுக்குள் காலெடுத்து வைத்ததில்லை. உள்ளே நாலு மேஜை. ஹேமலதா மூன்றாவது மேஜையில், கழுத்தில் அடையாள அட்டையோடு உட்கார்ந்திருந்தாள். வீட்டில் பார்க்கிற பெண் மாதிரியே இல்லை. சுந்தராம்பாள் மனுவை நீட்டி, “மேடம், இது நாலாம் நம்பர் பஸ்ஸு ஆளுங்க கொடுக்கறது” என்றாள். அந்த ‘மேடம்’ அவள் வாயில் தானாக வந்தது. சொன்ன பிறகு நெஞ்சு நிமிர்ந்தது.

ஹேமலதா எழுந்து நின்று வாங்கினாள். மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டே வந்தவள், ஓரிடத்தில் நின்றாள். அடித்திருந்த பன்னிரண்டின் மேல் விரலை வைத்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. முத்திரையை எடுத்துக் குத்தி, தேதி போட்டு, நகலில் கையெழுத்திட்டுக் கொடுத்தாள். “பாத்துட்டுக் கூப்புடறோம்மா” என்றாள். எல்லாத் தொழிலாளியிடமும் சொல்கிற அதே குரல்தான்.

இரண்டு நாள் கழித்து மேனேஜர் அறைக்கு சுந்தராம்பாளையும் பாக்யலட்சுமியையும் கூப்பிட்டார்கள். முத்தமிழ்செல்வன் கடுமையான ஆள் இல்லை, ஆனால் ஒரு விஷயம் முடிந்துவிட்டால் அதைத் திறக்க விரும்பாதவர். உட்காரச் சொன்னார். மனுவைப் படித்தேன் என்றார். நவம்பர்ச் சம்பளம் சென்னைத் தலைமை அலுவலகம் வரை போய் முடிந்துவிட்டது, இனி வருகிற மாசங்களில் பஸ் லேட்டைக் கழித்துவிடச் சொல்கிறேன், போனதை விட்டுவிடுங்கள் என்றார். பாக்யலட்சுமி வாயைத் திறக்கப் போனாள். அதற்குள் ஓரமாக நின்ற ஹேமலதா, “சார், ஒரு நிமிஷம்” என்றாள்.

கையில் இருந்த தாள்களை ஒவ்வொன்றாக மேஜையில் வைத்தாள். முதலில் அமாவாசையின் நோட்டு. மூன்று தேதிகளிலும் நாலாம் நம்பர் பஸ் உள்ளே நுழைந்த நேரமும் டிரைவரின் கையெழுத்தும் அதில் இருந்தன. அடுத்தது மிஷினில் எடுத்த பட்டியல். பஸ் நுழைந்த இரண்டாவது நிமிஷத்திலிருந்து பத்து நிமிஷத்துக்குள் இந்த ஆட்களின் முகம் வரிசையாகப் பதிந்திருந்தது. மூன்றாவது, நாலு வருஷத்துக்கு முன் கம்பெனியே ஒட்டிய சர்க்குலர். கம்பெனி வாகனம் தாமதமானால் லேட்டாகக் கொள்ளப்படாது என்று அதில் தெளிவாக இருந்தது. பழைய ஃபைல் எல்லாம் கிளறி அதைத் தேடி எடுத்திருக்கிறாள் என்று சுந்தராம்பாளுக்குப் புரிந்தது. செவ்வாய்க்கிழமை மகள் வீட்டுக்கு வர ஏன் அவ்வளவு நேரமானது என்பதும் புரிந்தது.

கடைசியாக ஒரு தாளை வைத்தாள். “இது நான் எழுதினது சார். லேட் லிஸ்ட்டைச் செக்யூரிட்டி நோட்டோட ஒத்துப் பாக்காம கையெழுத்துப் போட்டது என் தப்பு. அவங்க தப்பு ஒண்ணுமில்ல. நம்ம தப்புக்கு அவங்க சம்பளம் போகக் கூடாது சார்.”

முத்தமிழ்செல்வன் அந்தத் தாளை மட்டும் கையில் எடுத்துப் படித்தார். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாசம்கூட ஆகாத ஒரு பெண் தன் தப்பைத் தானே எழுதிக் கொடுப்பது அவருக்குப் புதிதாக இருந்திருக்க வேண்டும். பிறகு மனுவை எடுத்துப் பட்டியலைத் திரும்பப் பார்த்தார். தலைமை அலுவலகத்துக்கு எழுத வேண்டுமானால் இவர்கள் எல்லோரும் அந்த பஸ்ஸில்தான் வந்தார்கள் என்று நான் எப்படிச் சொல்வது, வேறு வழியில் தாமதமாக வந்த யாராவது இதில் ஒட்டிக்கொண்டிருந்தால் என்று கேட்டார். கேட்டுக்கொண்டே வந்தவரின் கண் ஓரிடத்தில் நின்றது.

“இந்த ஒருத்தருக்கு மட்டும் ஏன் ஒரு தேதிய அடிச்சிருக்கு?”

“அன்னைக்கு அவங்க பஸ்ஸுல வரல சார். ரூட் பஸ்ஸுல வந்தாங்க. அவங்களே அடிச்சுக் கொடுத்திருக்காங்க.”

“அடிச்சா அவங்களுக்கு என்ன ஆகும்?”

“மூணு லேட் நிக்கும் சார். அரை நாள் பிடித்தம் அப்படியே இருக்கும். போனஸும் கிடையாது.”

“அவங்களுக்குத் தெரியுமா அது?”

“தெரியுங்க சார்” என்றாள் சுந்தராம்பாள். “நான்தான் அது.”

மேனேஜர் அவளைப் பார்த்தார். பிறகு ஹேமலதாவைப் பார்த்தார். இரண்டு முகத்துக்கும் இருந்த சாயலை அப்போதுதான் கவனித்தார் போலும்.

“எங்க அம்மா சார்” என்றாள் ஹேமலதா. குரலைத் தாழ்த்தவில்லை.

சுந்தராம்பாளுக்கு அந்த நிமிஷம் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. சுவரில் இருந்த கம்பெனிக் காலண்டரைப் பார்த்தாள். பதினோரு வருஷத்தில் நல்ல தையல்காரி என்று கேடயம் வாங்கியிருக்கிறாள், கலெக்டர் கையால் ஒரு தடவை சால்வைகூட வாங்கியிருக்கிறாள். அந்த இரண்டு வார்த்தைக்கு முன்னால் அதெல்லாம் ஒன்றுமில்லை என்று இருந்தது.

முத்தமிழ்செல்வன் பேனாவை எடுத்தார். இந்த ஒரு வரி இப்படி இருக்கிறதென்றால் மற்ற வரிகளை நான் சந்தேகப்பட வேண்டியதில்லை என்றார். அமாவாசையின் நோட்டை வைத்து எல்லோருக்கும் பஸ் லேட்டைக் கழித்துவிட்டு, சம்பளம் போனவர்களுக்குப் பாக்கியாகவும் லீவு போனவர்களுக்கு லீவாகவும் திருப்பிக் கொடுக்கச் சென்னைக்கு அன்றைக்கே எழுதுவதாகச் சொன்னார். பாக்யலட்சுமி எழுந்திருக்கும்போது, “இருவது நிமிஷத்துக்கு அரை நாளு வெட்டறதே ஞாயமாங்க சார்?” என்று கேட்டும் விட்டாள். அது இன்னொரு நாள் பேச வேண்டிய விஷயம், தொழிலாளர் கமிட்டியில் எழுதிக் கொடுங்கள் என்றார் அவர். கட்டாயம் கொடுக்கிறோம் என்றாள் பாக்யலட்சுமி.

வெளியே வந்ததும் அவள் சுந்தராம்பாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். சனிக்கிழமை சாப்பாட்டுக் கூடத்தில் தான் பேசியதை அவள் திரும்பச் சொல்லவில்லை. “பொண்ண வளத்திருக்கேக்கா” என்று மட்டும் சொன்னாள். நான் எங்கே வளர்த்தேன், ஷிப்டுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் அதுவாக வளர்ந்தது என்றாள் சுந்தராம்பாள். சொன்னாளே தவிர, முகம் பூராவும் சிரிப்பு.

ராத்திரி வீட்டில் சாப்பிடும்போது வைரக்கண்ணுதான் பேச்சை எடுத்தார். பஸ் ஆட்கள் மூலம் ஊருக்கே செய்தி வந்துவிட்டது. எல்லோருக்கும் திரும்பக் கிடைக்கிறது, உனக்கு மட்டும் இல்லையாமே என்றார். ஹேமலதா தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

“ஒனக்கு வருத்தமாம்மா?”

“ஆண்டாயிக்குக் கஞ்சி வச்சதுக்குப் போன அரை நாளு. அதுல என்ன வருத்தம்” என்றாள் சுந்தராம்பாள். “நீ அந்தத் தாளை வச்சியே, என் தப்புன்னு. அத வைக்காட்டி வேலை ஒண்ணும் கெட்டிருக்காது. ஏன் வச்சே?”

“நீ பன்னெண்ட அடிச்சிருந்தியே” என்றாள் ஹேமலதா. “அதப் பாத்த பெறவு நான் வைக்காம இருந்தா எப்படி?”

வைரக்கண்ணு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். புரிந்ததோ இல்லையோ, எழுந்துபோய் ரசச் சட்டியை எடுத்து வந்து இரண்டு பேர் தட்டிலும் அவரே ஊற்றினார்.

சென்னையிலிருந்து ஒப்புதல் வர ஒரு வாரம் ஆனது. ஜனவரி ஏழாம் தேதிச் சம்பளத்தில் மற்றவர்களுக்குப் பிடித்தம் எல்லாம் பாக்கியாக ஏறியது, போனஸ் உட்பட. சுந்தராம்பாளுக்கு டிசம்பர்ச் சம்பளம் மட்டும் முழுசாக வந்தது. அந்த மாசம் அவளுக்கு ஒரு லேட்டும் இல்லை.

அன்று நோட்டீஸ் போர்டில் புதிதாக ஒரு சர்க்குலர் ஒட்டியிருந்தது. இனித் தினமும் காலையில் செக்யூரிட்டி நோட்டின் நகல் டைம் ஆபீஸுக்கு வர வேண்டும், கம்பெனி பஸ் தாமதத்தை அன்றன்றே கழிக்க வேண்டும், மாசக் கடைசியில் லேட் பட்டியலைத் தொழிலாளர்கள் பார்க்க மூன்று நாள் ஒட்டி வைத்த பிறகுதான் சம்பளத்துக்கு அனுப்ப வேண்டும் என்று இருந்தது. போர்டுக்கு முன்னால் கூட்டம் கூடிவிட்டது. கண்ணாடி கொண்டுவராத ஒரு அம்மாள் யாராவது படியுங்களேன் என்றாள்.

பாக்யலட்சுமி வாயைத் திறக்கப் போனவள் நிறுத்தி, சுந்தராம்பாளை முன்னால் தள்ளிவிட்டாள். சுந்தராம்பாள் எட்டாவதுதான் படித்தவள். ஆனாலும் ஒவ்வொரு வரியாக, எல்லோருக்கும் கேட்கும்படி நிறுத்தி நிறுத்திப் படித்தாள். கடைசி வரி வந்ததும் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, அதையும் விடாமல் படித்தாள்.

“இப்படிக்கு, வை. ஹேமலதா, டைம் ஆபீஸ்.”

மணி அடித்தது. எல்லோரும் அவரவர் மிஷினுக்குப் போனார்கள்.